உள்பக்கத்து நூலுக்கும் இடம் வேண்டும்

ஃபேர் ஐல் ஸ்வெட்டர் ஒன்று கையில் கிடைத்தால், பின்னத் தெரிந்தவர்கள் முதலில் அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். வெளிப்பக்கத்துப் பூவேலையை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். பின்னியவரின் கை எப்படிப்பட்டது என்பது உள்பக்கத்தில்தான் தெரியும்.

அங்கே என்ன இருக்கிறது? ஒரே சுற்றில் நீலமும் வெள்ளையும் மாறி மாறி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வெள்ளைக் கண்ணிகளைப் பின்னி முடிக்கும் வரை நீல நூலுக்கு வேலை இல்லை. அதற்காக அதை வெட்டிவிட முடியாது. ஆறாவது கண்ணிக்கு அது மறுபடி வேண்டும். ஆகவே அந்த ஐந்து வெள்ளைக் கண்ணிகளின் முதுகுப்புறமாக அது கிடையாக ஓடி, தன் முறை வந்ததும் ஊசியில் ஏறிக்கொள்கிறது. இப்படிப் பின்னால் ஓடும் துண்டைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். ஒரு ஸ்வெட்டரின் உள்பக்கம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான ஃப்ளோட்டுகள் படிந்து கிடக்கும். அவை அளவாக இருந்தால் துணி தட்டையாக விழும். குட்டையாகிவிட்டால் துணி கொசுவிக்கொள்ளும், பூக்கள் புடைத்துக்கொண்டு நிற்கும், தலைக்குப் போட வேண்டிய தொப்பி தேங்காய்க்குத்தான் பொருந்தும்.

இந்த வேலைக்குப் பேர் வாங்கிய இடம் ஃபேர் ஐல். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கும் ஷெட்லாண்ட் தீவுகளுக்கும் நடுவில் கடலில் கிடக்கிற, ஐந்து கிலோமீட்டர் நீளம்கூடச் சரியாகத் தேறாத ஒரு சின்னத் தீவு. அங்கும் ஷெட்லாண்டின் மற்ற ஊர்களிலும் பெண்கள் காலங்காலமாகப் பின்னிவந்த இந்த உடை, 1922ல் அன்றைய வேல்ஸ் இளவரசர், அதாவது பிற்பாடு எட்டாம் எட்வர்டு மன்னரானவர், செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த பிறகு உலகமெங்கும் ஃபேஷனானது. இளவரசரை விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது அந்தப் பெண்கள் கடைப்பிடித்த சில வழக்கங்கள். ஒரு சுற்றில் இரண்டு நிறங்களுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். துணியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பின்னாமல் குழாய் போல வட்டமாகவே பின்னிக்கொண்டு போவார்கள். நூல் அவர்கள் ஊர் ஆட்டின் ரோமத்தில் திரித்தது. சுருக்கம் விழாமல் பின்னுவது எப்படி என்ற கேள்விக்கான பதிலில் பாதி இந்த மூன்றிலேயே இருக்கிறது.

முதலில் சுருக்கம் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். கண்ணி என்பது வளையம். அதைப் பக்கவாட்டில் இழுத்தால் வளையம் சற்று அகலும், உயரம் சற்றுக் குறையும். கையால் பின்னிய ஆடை உடம்போடு இழுபட்டு நிற்பதற்கு இதுதான் காரணம். ஃப்ளோட்டுக்கு இந்த வசதி இல்லை. அது ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேராக ஓடுகிற நூல். நூலுக்கென்று இருக்கிற கொஞ்ச நீட்சிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தராது. முன்பக்கத்தில் ஐந்து கண்ணிகள் பிடிக்கிற அகலத்தைவிடப் பின்னால் ஓடும் நூல் குட்டையாக இருந்தால், பாவாடை நாடாவை இழுத்தது போலத்தான். துணிக்குப் போக இடமில்லாமல் அது முன்பக்கமாகப் புடைக்கும்.

கணக்கை ஒரு தொப்பியில் போட்டுப் பார்க்கலாம். 144 கண்ணிகள், ஷெட்லாண்டின் ஜம்பர் நூல், 3.25 மி.மீ. ஊசி. 10 செ.மீ. அகலத்துக்கு 28 கண்ணிகள் வருகின்றன; அதாவது ஒரு கண்ணிக்கு ஏறத்தாழ 3.6 மி.மீ. தொப்பியின் சுற்றளவு 51 செ.மீ.க்குச் சற்று மேல். கொஞ்சம் இழுபட்டு, பெரியவர்கள் தலையில் பாந்தமாக உட்காரும் அளவு. பூவேலையில் ஒரு சுற்று இப்படி வருகிறது: ஏழு நீலம், ஐந்து வெள்ளை, மறுபடி ஏழு நீலம், ஐந்து வெள்ளை. பன்னிரண்டு கண்ணிக்கு ஒரு முறை திரும்ப வரும் இந்த அமைப்பு சுற்று முழுக்கப் பன்னிரண்டு தடவை வரும். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஃப்ளோட்டுகள்: ஐந்து வெள்ளைக்குப் பின்னால் நீலம், ஏழு நீலத்துக்குப் பின்னால் வெள்ளை. ஆக, ஒரு சுற்றில் 24 ஃப்ளோட்டுகள்.

இந்த ஒவ்வொன்றும் இருக்க வேண்டியதைவிட வெறும் 2 மி.மீ. குட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. என்பது கண்ணுக்குச் சட்டென்று படாத அளவு. ஆனால் 24ஆல் பெருக்கினால் 48 மி.மீ. 51 செ.மீ. தொப்பி 46 செ.மீ. சொச்சத்துக்கு இறங்கிவிடும். தொப்பி தலையில் ஏறாமல் போவது ஏதோ ஓரிடத்தில் செய்த பெரிய தவறால் அல்ல. ஒரே சின்னத் தவறைச் சுற்றுக்கு 24 தடவை ஒழுங்காகச் செய்ததால்தான்.

அந்தச் சின்னத் தவறு எங்கே நடக்கிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். “கை ரொம்ப இறுக்கம், நூலைத் தளர்த்திப் பிடி” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் புத்திமதி. நூலைத் தளர்த்திப் பிடித்தால் கண்ணிகள்தான் பெரிதாகும். ஃப்ளோட் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அதன் நீளத்தை முடிவு செய்வது நூல் பிடிக்கிற விரல் அல்ல. வலது ஊசிதான்.

பின்னும்போது ஊசியைக் கவனியுங்கள். இடது ஊசியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாக வலது ஊசிக்கு மாறுகிறது. மாறியவை அங்கே பரவி நிற்பதில்லை. முனைக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நம் தொப்பியின் ஐந்து வெள்ளைக் கண்ணிகள் துணியில் 18 மி.மீ. பிடிக்க வேண்டியவை, ஊசியில் 12 மி.மீ.க்குள் ஒடுங்கி இருக்கலாம். இந்த நிலையில் நீல நூலை எடுத்து அடுத்த கண்ணியைப் பின்னினால், நீல நூல் அந்த 12 மி.மீ. தூரத்தைத்தான் கடக்கும். கண்ணிகள் ஊசியை விட்டு இறங்கித் தங்கள் 18 மி.மீ.க்குப் பரவ நினைக்கும்போது, பின்னால் 12 மி.மீ. நூல் பிடித்து நிறுத்தும். கை எவ்வளவு தளர்வாக இருந்தாலும் இது நடக்கும்.

எனவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிறம் மாற்றும் ஒவ்வொரு தடவையும், புது நிறத்தின் முதல் கண்ணியைப் பின்னுவதற்கு முன்னால், சற்றுமுன் பின்னிய கண்ணிகளை வலது கையின் ஆள்காட்டி விரலாலோ கட்டை விரலாலோ ஊசியின் மேல் பின்னுக்குத் தள்ளி, துணியில் எவ்வளவு அகலத்தில் நிற்குமோ அந்த அகலத்துக்குப் பரப்பிவிட வேண்டும். இழுத்து நீட்டக் கூடாது; தட்டையாகப் படுக்க வைத்தால் போதும். அதன் பிறகு புது நிறத்து நூலை அந்தக் கண்ணிகளின் பின்னால் படியவிட்டு முதல் கண்ணியைப் பின்னலாம். பரப்பி வைத்த விரலை அந்தக் கண்ணி முடியும் வரை எடுக்காமல் இருப்பது நல்லது.

அந்த முதல் கண்ணியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரே நிறத்தில் பின்னிப் பழகியவர்களுக்கு, புதிதாக ஒரு வரிசையைத் தொடங்கும்போதும் ஊசி மாறும்போதும் முதல் கண்ணியை வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்கிற பழக்கம் இருக்கும். அங்கே அது நல்ல பழக்கம், ஓட்டை விழாமல் காக்கும். இங்கே அதே இழுப்பு, பரப்பி வைத்த ஃப்ளோட்டிலிருந்து நூலை உருவிக்கொண்டு போய்விடும். நிறம் மாறியபின் முதல் கண்ணி சற்றுத் தொளதொளவென்று தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். அடுத்த சுற்று அதன் மேல் ஏறும்போது தானே அடங்கும்.

ஷெட்லாண்ட் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டிக்கொள்வார்கள். அதில் குதிரை மயிர் அடைத்த மெத்தை ஒன்று, மெத்தையில் நிறையத் துளைகள். இரண்டு பக்கமும் கூரான நீள ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால், வலது ஊசியைக் கை தாங்க வேண்டியதில்லை. வேகம் கூடும் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நடந்துகொண்டே பின்னவும் அது உதவியது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஊசியின் பாரம் இறங்கிய வலது கை, நூலைக் கொடுப்பதற்கும் கண்ணிகளைத் தள்ளிப் பரப்புவதற்கும் சும்மா கிடைக்கிறது. பெல்ட் இல்லாத நமக்கு அந்தத் தள்ளல் தனியாக ஒரு வேலை.

வட்டமாகப் பின்னுவதன் லாபமும் இங்கேதான் தெரியும். குழாயாகப் பின்னும்போது துணியின் முன்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்திருக்கும், எல்லாச் சுற்றும் நிட் கண்ணிதான். தட்டையாகப் பின்னினால் ஒன்று விட்டு ஒரு வரிசை பர்ல் வரும். பர்லில் பெரும்பாலானவர்களின் கை வேறு அளவில் ஓடும். ஆகவே முழு உடம்பையும் குழாயாகவே பின்னிவிட்டு, கை வைக்கும் இடத்தையும் முன் திறப்பையும் கத்தரிக்கோலால் வெட்டித் திறப்பது அங்கே வழக்கம். முதல் தடவை பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். அந்த ஊர் ஆட்டு ரோம நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் குணமுடையது என்பதால் வெட்டிய விளிம்பு அவிழ்ந்து ஓடுவதில்லை.

அடுத்தது நீள ஃப்ளோட்டுகள். ஏழு கண்ணி என்பது நம் தொப்பியில் சரியாக 25 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். அதற்கு மேல் நீளமாக ஒரு நூல் பின்னால் தொங்கினால் மோதிரம் மாட்டும், குழந்தையின் விரல் சிக்கும். மாட்டி இழுபட்டால் அந்த இழுப்பு முன்பக்கத்தில் சுருக்கமாகத் தெரியும். அதனால் நீள ஃப்ளோட்டை நடுவில் ஓரிடத்தில் பிடித்துவைப்பார்கள். பின்னிக்கொண்டிருக்கும் நூல், சும்மா ஓடும் நூலின் அடியில் ஒரு தடவை போய் வரும். அந்தக் கண்ணி முடிந்ததும் சும்மா ஓடும் நூல் துணியோடு சேர்ந்து பிடிபட்டிருக்கும். ஷெட்லாண்ட் நூலில் ஏழு கண்ணி வரைகூடப் பிடிக்காமல் விடலாம்; நாலைந்து முறை போட்டுத் துவைத்த பிறகு ஃப்ளோட்டுகள் துணியோடு லேசாக ஒட்டிப்போய்விடும். வழுக்குகிற நூலாக இருந்தால் ஐந்துக்கு மேல் போகவிடாமல் பிடிப்பது நல்லது.

பிடிப்பது நல்லது என்றதும் இரண்டு கண்ணிக்கு ஒரு தடவை பிடிக்கத் தொடங்கிவிடுபவர்கள் உண்டு. இது சுருக்கத்துக்கு மருந்தல்ல; பல சமயம் அதுவே நோய். பிடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் பின்நூல் நேராக ஓடாமல் ஒரு வளைவு எடுக்கிறது. வளைவுக்கு நூல் வேண்டும், அந்த நூல் ஃப்ளோட்டிலிருந்துதான் வரும். பரப்பி வைத்துக் காப்பாற்றிய நீளத்தைப் பிடித்துப் பிடித்துச் செலவு செய்துவிடுவோம். துணியும் அட்டை போல விறைக்கும். வெள்ளைக் கண்ணிகளின் இடுக்கில் நீலம் எட்டிப் பார்த்து, தூய வெள்ளை கொஞ்சம் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். நிறம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நூலையும் முறுக்கிவிட வேண்டும் என்று நினைப்பதும் இதே வகைதான். அது, தனித்தனி வண்ணத் திட்டுகளை ஓரத்தில் இணைக்கும் இன்டார்சியா வேலைக்கு உரிய வழக்கம். இரண்டு நூலும் சுற்று முழுக்க ஓடுகிற இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

எங்கே பிடிக்கிறோம் என்பதும் தெரியும். நம் தொப்பியில் ஏழு நீலத்துக்குப் பின்னால் ஓடும் வெள்ளையை நான்காவது கண்ணியில் பிடித்தோம் என்றால், அடுத்த சுற்றிலும் ஏழு நீலம் வந்தால் அதே நான்காவதில் பிடிக்கக் கூடாது. ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் பிடித்துக்கொண்டே போனால், முன்பக்கத்தில் அந்த நேரில் ஒரு பள்ளம் செங்குத்தாக ஓடும். கறுப்புத் துணியில் வெள்ளை நூல் என்றால் புள்ளிகளாகவே எட்டிப் பார்க்கும். ஒரு சுற்றில் நான்காவது, அடுத்ததில் மூன்றாவது, அதற்கடுத்ததில் ஐந்தாவது என்று கலைத்துவிட்டால் போதும். பிடித்த உடனே வலது ஊசியை மறுபடி பரப்பிவிட மறக்கக் கூடாது.

இதில் பழைய ஃபேர் ஐல் பூவேலைகளுக்குள்ளேயே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அந்த ஊர் வடிவங்களைக் கட்டத்தாளில் போட்டுப் பாருங்கள். வட்டமும் பெருக்கல் குறியும் மாறி மாறி வரும் பட்டை, சிலுவை, நங்கூரம், சின்ன வைரம், எல்லாமே பெரும்பாலும் சாய்வுக் கோடுகளால் ஆனவை. சாய்வுக் கோடு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நிறம் மாறும் இடம் ஒரு கண்ணி தள்ளிப் போகும். ஒரு சுற்றில் ஏழு கண்ணி ஃப்ளோட் வந்த இடத்தில் அடுத்த சுற்றில் ஐந்து, அதற்கடுத்ததில் மூன்று என்று குறைந்துவிடும். ஒரே இடத்தில் இழுப்பு அடுக்கடுக்காகச் சேர்வதில்லை. நிறங்கள் செங்குத்துக் கோடாக ஒன்றன் மேல் ஒன்று நிற்கும் வடிவத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு சுற்றில் குட்டையான ஃப்ளோட் எங்கே விழுந்ததோ, அதே இடத்தில் பத்துச் சுற்றும் குட்டையாக விழுந்து, அங்கே துணி மடிப்பு விட்டதுபோல நிற்கும். இணையத்தில் கிடைக்கும் அழகான படத்தைக் கட்டத்தாளில் ஏற்றி நாமே வடிவம் போடும்போது பார்க்க வேண்டியது இதைத்தான், அழகு அப்புறம். பத்துப் பதினைந்து கண்ணி ஒரே நிறம் வந்தால், நடுவில் மற்ற நிறத்தில் ஒரு புள்ளி வைத்துவிட முடியுமா என்று யோசிக்கலாம். நார்வேயின் செட்டஸ்டால் பள்ளத்தாக்கு ஸ்வெட்டரில் கறுப்புப் பரப்பு முழுக்கப் பேன் போல வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அந்த வடிவத்துக்கே பேன் என்றுதான் பேர். அந்தப் புள்ளிகள் இருக்கும் சுற்றுகளில் வெள்ளை நூலுக்கு இளைப்பாற இடம் கிடைக்கிறது.

தொப்பியில் ஒழுங்காக வந்த கை, கையுறையிலும் ஸ்வெட்டரின் கையிலும் சொதப்புவது உண்டு. பின்னியவருக்கு ஏனென்று புரியாது. காரணம் குழாயின் வளைவு. ஃப்ளோட் துணியின் உள்பக்கம் ஓடுகிறது. வளைவின் உள்பாதை எப்போதும் வெளிப்பாதையைவிடக் குறுகலானது. ஃப்ளோட் கண்ணிகளைவிட 2 மி.மீ. உள்ளே தள்ளி ஓடுகிறது என்று வைத்தால், ஒரு முழுச் சுற்றில் அதன் பாதை சுமார் 12 மி.மீ. குறைந்துவிடும். குழாய் பெரிதோ சிறிதோ, இந்த 12 மி.மீ. மாறாது, வட்டத்தின் கணக்கு அப்படி. 51 செ.மீ. தொப்பியில் இது பொருட்டே இல்லை. 20 செ.மீ. கையுறையில் இது சுற்றளவில் ஆறு சதவீதம். போதாக்குறைக்கு, நான்கு ஊசிகளில் பின்னும்போது கண்ணிகள் மூன்று ஊசிகளில் முக்கோணமாக நிற்கும். குறைவு முழுவதும் அந்த மூன்று மூலைகளில், மூலைக்கு 4 மி.மீ. என்று குவிந்துவிடும். மூலையைக் கடக்கும்போது நூல் குறுக்குவழியில் போகிறது. பின்னி முடித்த கையுறையில் மூன்று செங்குத்துக் கோடுகளில் மட்டும் சுருக்கம் தெரிந்தால், குற்றவாளி இதுதான்.

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. குழாயை உள்வெளியாகத் திருப்பிவிட வேண்டும். பூவேலைப் பக்கம் உள்ளே, ஃப்ளோட்டுகள் வெளியே. பின்னுவது குழாயின் நமக்கு எட்ட இருக்கிற விளிம்பில், அதன் உள்சுவரைப் பார்த்துக்கொண்டு. நம் கண்ணுக்கு அப்போதும் பூவேலைப் பக்கம்தான் தெரியும், பின்னுவதும் நிட் கண்ணிதான்; எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது ஃப்ளோட்டுகள் வளைவின் வெளிப்பாதையில் ஓடுகின்றன. மூலையில் குறுக்குவழி கிடையாது; நூல் ஊசியைச் சுற்றித்தான் போக வேண்டும். முன்பு பறிபோன 12 மி.மீ. இப்போது கூடுதலாகச் சேர்கிறது. முடித்துவிட்டுத் திருப்பினால் சுருக்கம் இருக்காது. கை எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை என்பவர்கள் தொப்பியைக்கூட இப்படிப் பின்னிப் பார்க்கலாம்.

குட்டையாகிவிடுமோ என்ற பயத்தில் சிலர் மறு எல்லைக்குப் போவார்கள். ஃப்ளோட்டுகள் உள்ளே வளையம் வளையமாகத் தொங்கும். துணி சுருங்காதுதான். ஆனால் அந்த மிச்ச நூல் ஓரிடத்தில் நிற்காது. துணி அசையும்போதெல்லாம் பக்கத்துக் கண்ணிக்குள் நழுவும். நிறம் மாறும் இடத்தில் ஒரு கண்ணி பெரிதாக வாய் பிளந்தும், அதற்கு அடுத்தது சுருங்கியும் தெரிந்தால், ஃப்ளோட் நீளம் என்று அர்த்தம். முன்பக்கம் புடைத்து நின்றால் குட்டை, விளிம்புக் கண்ணி வாய் பிளந்தால் நீளம். சந்தேகமாக இருந்தால் துணியை இரண்டு கையாலும் பிடித்து, உள்பக்கத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். கண்ணிகள் அகலத் தொடங்கும் முன்பே ஃப்ளோட்டுகள் கம்பி போல விறைத்தால் அவை குட்டை. கண்ணிகளும் ஃப்ளோட்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் “போதும்” என்றால் சரியான அளவு. ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை இப்படி இழுத்துப் பார்ப்பது, ஒரு சாண் பின்னியபின் அழுவதைவிட மேல்.

எல்லா ஃப்ளோட்டும் சரியாக இருந்தும் ஓர் இடத்தில் மட்டும் தொப்பி இடுப்பு வைத்ததுபோல் உள்ளே போவதுண்டு. வெற்று நீலத்தில் பின்னிய பகுதியும் பூவேலைப் பட்டையும் சந்திக்கும் இடம் அது. அதே ஊசி, அதே நூல், அதே கை என்றாலும் இரண்டு நிறத்தில் பின்னும்போது துணி கொஞ்சம் இறுகித்தான் வரும். பின்னால் ஓடும் நூல்கள் பக்கவாட்டு நீட்சியைக் கட்டுப்படுத்துவதால் இது இயல்பு. வெற்றுப் பகுதியை 3.25 மி.மீ. ஊசியில் பின்னினால் பூவேலையை 3.5ல் பின்னுவது வழக்கமான பரிகாரம். எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்பது கைக்குக் கை மாறும். மாதிரி பின்னிப் பார்த்தால்தான் தெரியும். மாதிரியையும் வட்டமாகத்தான் பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னி அளந்தால் பர்ல் வரிசைகள் அளவைக் கெடுத்துவிடும்.

இனி பின்னி முடித்தபின் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி. ஓர் இடத்தில் மட்டும் ஒரு ஃப்ளோட் குட்டையாக நின்றால், மழுங்கிய ஊசி ஒன்றை எடுத்து அதன் இரண்டு பக்கத்திலும் உள்ள அதே நிறக் கண்ணிகளிலிருந்து நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தலாம். நான்கு கண்ணிகள் ஆளுக்கு அரை மில்லிமீட்டர் கொடுத்தால் 2 மி.மீ. சேர்ந்துவிடும், கொடுத்த கண்ணிகளில் எதுவும் தெரியாது. ஒரு சுற்று முழுக்க 24 ஃப்ளோட்டுக்கும் இதைச் செய்ய உட்காருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த நேரத்தில் அந்தச் சுற்றை அவிழ்த்து இரண்டு தடவை பின்னிவிடலாம்.

துவைத்துக் காயப்போடுவது பாதி வேலையைச் செய்யும். ஷெட்லாண்டில் ஸ்வெட்டரை நனைத்து, அளவை மாற்றிக்கொள்ளக்கூடிய மரச்சட்டம் ஒன்றில் கையையும் உடம்பையும் விரித்து மாட்டிக் காயவைப்பார்கள். நனைந்த கம்பளி நூல் இளகும், கண்ணிகள் தமக்குள் நூலைப் பங்கிட்டுக்கொள்ளும், காய்ந்ததும் அதே நிலையில் நிற்கும். ஏற்ற இறக்கமாக இருந்த கண்ணிகள் சமமாகும். லேசான அலை இருந்தால் படியும். ஆனால் பங்கிட நூல் இருந்தால்தான் பங்கிட முடியும். சுற்று முழுவதிலும் 48 மி.மீ. குறைந்துபோன தொப்பியைச் சட்டத்தில் மாட்டி இழுத்தால், காயும் வரை 51ல் நிற்கும். தலையில் இரண்டு தடவை போட்டு எடுத்தால் மறுபடி பழைய அளவுக்கே போய்விடும்.

நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டு வாங்குவதில் பெரும்பாலானது அக்ரிலிக். கைக்கு மெத்தென்று இருக்கும், விலையும் கம்மி. இந்த வேலைக்கு அதிலும் தாராளமாகப் பின்னலாம். ஆனால் அது வழுக்கும். ஃப்ளோட்டுகள் துணியோடு ஒட்டிப்போகாது, அதனால் ஐந்து கண்ணிக்கு மேல் விடக் கூடாது. நனைத்துக் காயவைத்தால் கம்பளி போல இளகிப் படியாது; சூட்டில் படியவைக்கப் போய் இஸ்திரிப்பெட்டி பட்டுவிட்டால் துணி தொய்ந்து பளபளப்பேறி, திரும்ப வராத மாதிரி ஆகிவிடும். பருத்தி நூலுக்கு நீட்சியே குறைவு. அதில் ஃப்ளோட் 1 மி.மீ. குறைந்தாலும் அப்படியே வெளியே காட்டிக்கொடுக்கும். இந்த இரண்டு நூலிலும் பின்னிய பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற யோசனைக்கு இடமில்லை. வலது ஊசியில் பரப்பும்போதே நீளம் சரியாக இருக்க வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் கொஞ்சம் செலவானாலும் முதல் தொப்பியை மட்டுமாவது நிஜக் கம்பளியில் பின்னுவது நல்லது. 144 கண்ணித் தொப்பிக்கு 25 கிராம் உருண்டைகள் நீலத்தில் இரண்டும் வெள்ளையில் ஒன்றும் தாராளமாகப் போதும்.